இரண்டாம் இடத்தில் இருந்த ‘அவசரம்’: மீனவர் உதவி எண் ஒன்றில் டோக்கன் நிகழ்தகவைப் படித்த அனுபவம்

பின்னணி

இராமநாதபுரம் கடற்கரையில், மண்டபத்திலிருந்து மூக்கையூர் வரையுள்ள சில மீனவ ஊர்களுக்காக ஒரு சிறு தன்னார்வக் குழு வாட்ஸ்அப் உதவி எண் ஒன்றை நடத்துகிறது. பெரும்பாலும் குரல் செய்திகள்தான் வரும். ஒரு மென்பொருள் அவற்றை எழுத்தாக மாற்றும். அதன்பின் ஒரு மொழி மாதிரி ஒவ்வொரு செய்தியையும் ஐந்து வகைகளில் ஒன்றில் சேர்க்கும்: அவசரம், வானிலை, பழுது, அரசுத் திட்டம், விலையும் மற்றவையும். வானிலைக் கேள்விக்கு அன்றைய எச்சரிக்கை அறிவிப்பும், பழுதுக்கு மெக்கானிக் எண்களும் தானாகவே பதிலாகப் போகும். அவசரம் என்று வந்தால் மட்டும் பணியில் இருக்கும் தன்னார்வலரின் போன் ஒலிக்கும். அவர் திருப்பி அழைத்துப் பேசி, தேவையென்றால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குத் தகவல் சொல்வார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் செய்திகள் குறைவு. வருபவையும் பெரும்பாலும் நிவாரணத் தொகை பற்றியவையே. தடை முடிந்து விசைப்படகுகள் இறங்கியதும் செய்திகள் பெருகின. இரவுப் பணியில் இருப்பது ஒரே ஒருவர். அவரால் எல்லாவற்றையும் படிக்க முடியாது. எந்தச் செய்தியில் மாதிரி தடுமாறுகிறது என்று தெரிந்தால் அவற்றை மட்டும் மனிதர் பார்க்கலாம் என்று குழு நினைத்தது. தொழில்நுட்பப் பக்கம் அவர்களுக்கு உதவியவன் என்ற முறையில் நடந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

மாதிரியிடமே கேட்டுப் பார்த்தது

வகையோடு சேர்த்து, “எவ்வளவு உறுதி, 0 முதல் 100 வரை சொல்” என்று மாதிரியிடம் கேட்பதுதான் முதலில் இருந்த ஏற்பாடு. ஏறக்குறைய எல்லாச் செய்திக்கும் 90 அல்லது 95 என்றே வந்தது. சரியான விடைக்கும் 95, தவறான விடைக்கும் 95. இதில் வியப்பில்லை. அந்த 95 என்பதும் மாதிரி எழுதிய ஒரு சொல்தான். இப்படிப்பட்ட இடத்தில் மனிதர்கள் எழுதும் எண்ணைப் போல ஒன்றை அது எழுதுகிறது. உள்ளே நடந்த கணக்கைப் பார்த்துச் சொல்வதில்லை.

உள்ளே நடக்கும் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. மொழி மாதிரி எழுத்தைத் துண்டு துண்டாக எழுதும். அந்தத் துண்டுக்குப் பெயர் டோக்கன். (படகு கடலுக்குப் போக மீன்வளத்துறை தரும் அனுமதி டோக்கன் வேறு. அதுவும் பின்னால் வருகிறது.) ஒவ்வொரு டோக்கனை எழுதுவதற்கு முன்பும் தன் சொற்பட்டியலில் உள்ள எல்லா டோக்கன்களுக்கும் ஒரு நிகழ்தகவை அது கணக்கிடுகிறது. வகையைச் சொல்லும் இடத்தில் அந்தப் பங்கீடு எப்படி இருந்தது என்று பார்த்தால் மாதிரி எவ்வளவு தடுமாறியது என்பது தெரியும். இது பெரும்பாலும் இயல் மடக்கை வடிவில் கிடைக்கும்: -0.21 என்றால் 0.81, -0.69 என்றால் 0.50, -2.3 என்றால் 0.10. குழுவின் மாதிரி சொந்தக் கணினியில் ஓடிய திறந்த மாதிரி என்பதால் முழுப் பங்கீட்டையும் படிக்க முடிந்தது.

எந்த இடத்தில் படிப்பது

வகைகளின் பெயர்கள் முதலில் தமிழ்ச் சொற்களாகவே இருந்தன. விடையின் முதல் டோக்கனுக்கு என்ன நிகழ்தகவு என்று படித்தபோது கிடைத்த எண்கள் பொருந்தவே இல்லை. நிவாரணம் பற்றிய ஒரு சாதாரணக் கேள்வி ‘அவசரம்’ பக்கம் 0.9 காட்டியது.

சொற்கள் எப்படித் துண்டாகின்றன என்று பார்த்ததும் காரணம் தெரிந்தது. அந்த மாதிரி தமிழைச் சிறு சிறு துண்டுகளாக உடைக்கிறது. ‘அவசரம்’, ‘அரசுத் திட்டம்’ இரண்டுமே ‘அ’ என்ற ஒரே டோக்கனில் தொடங்கின. ‘வானிலை’, ‘விலை’ இரண்டும் ‘வ’ என்ற டோக்கனில் தொடங்கின. காலும் கொக்கியும் கணினிக்குத் தனிக் குறிகள் என்பதால் அவை அடுத்த டோக்கனில்தான் வந்தன. ஆக நாங்கள் படித்த 0.9 என்பது அவசரத்தின் எண்ணே அல்ல. அவசரமும் அரசுத் திட்டமும் சேர்ந்த கூட்டுத்தொகை அது.

ஒவ்வொரு வகைப் பெயரையும் முழுதாக வைத்து, அதன் எல்லா டோக்கன்களின் நிகழ்தகவையும் பெருக்கிப் பார்க்கலாம். அதுவும் முறையான வழிதான். ஆனால் எளிய வழி ஒன்று இருந்தது. வகைகளுக்கு A முதல் E வரை எழுத்து கொடுத்து, ஓர் எழுத்தை மட்டும் விடையாகக் கேட்பது. ஒவ்வொன்றும் ஒரே டோக்கன் என்பதையும், முன்னால் இடைவெளியோடு வரும் ‘ A’ வேறொரு டோக்கன் என்பதையும் சரிபார்த்துக்கொண்டு இப்படிப் படித்தோம்:

```python
logits = model(**inputs).logits[0, -1].float()
p = torch.softmax(logits, dim=-1)
ids = [tok.encode(x, add_special_tokens=False)[0] for x in "ABCDE"]
mass = p[ids].sum()
q = p[ids] / mass
```

இதில் `mass` என்ற எண்ணைப் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். ஐந்து எழுத்துகளுக்கும் சேர்ந்து எவ்வளவு நிகழ்தகவு போனது என்பதை அது சொல்கிறது. எங்களுக்கு முதலில் 0.7 அளவில்தான் இருந்தது. மீதியெல்லாம் “இந்தச் செய்தி…” என்று வாக்கியம் தொடங்கும் டோக்கன்களுக்குப் போயிருந்தது. அந்த நிலையில் `q` சீராகத் தெரிந்தாலும் அதை நம்ப முடியாது. கேட்கப்பட்ட வடிவில் பதில் சொல்லவே மாதிரி இன்னும் தயாராகவில்லை என்றுதான் அதற்குப் பொருள். கேள்வியின் முடிவை “விடை (ஓர் எழுத்து மட்டும்):” என்று மாற்றி, இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சேர்த்ததும் `mass` 0.99க்கு மேல் நின்றது.

அடுத்து, செய்தி இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுக் கேட்டோம். செய்தியே இல்லாதபோது எந்த வகைக்கும் தனிச் சாய்வு இருக்கக் கூடாது. ஆனால் A நன்றாகவே முந்தியது. பட்டியலில் முதலில் நிற்பதே அதற்குச் சாதகமாக இருந்தது. அதனால் வகைகளின் வரிசையைச் சுழற்றி, ஒவ்வொரு வகையும் ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை வரும்படி ஐந்து முறை கேட்டுச் சராசரி எடுத்தோம். விடை ஒரே டோக்கன் என்பதால் கணினிக்கு இது பெரிய சுமை இல்லை.

முதலில் காரணம் எழுதச் சொல்லி, அப்புறம் வகையைக் கேட்டால் விடை மேம்படுமே என்று குழுவில் ஒருவர் சொன்னார். விடை சில இடங்களில் மேம்பட்டது உண்மை. ஆனால் நிகழ்தகவு பயனற்றுப் போனது. “எனவே இது பழுது” என்று மாதிரி தானே எழுதி முடித்த பிறகு வரும் எழுத்துக்கு 0.99க்குக் குறைந்து எதுவும் வருவதில்லை. தடுமாற்றமெல்லாம் காரணத்தை எழுதும்போதே தீர்ந்துவிடுகிறது. எங்களுக்குத் தேவை அந்தத் தடுமாற்றம்தான் என்பதால் காரணம் கேட்பதை விட்டுவிட்டோம்.

எண்ணை எவ்வளவு நம்புவது

எண் சரியான இடத்திலிருந்து வந்தாலும் 0.98 என்றால் நூற்றில் 98 முறை சரியாக இருக்கும் என்று ஆகிவிடாது. இதை ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். பழைய செய்திகளில் சில நூறை எடுத்து, அந்தக் கடற்கரையிலேயே வளர்ந்த இரண்டு தன்னார்வலர்கள் தனித்தனியாக வகை குறித்தார்கள். அதோடு ஒப்பிட்டபோது, மாதிரி 0.98ஐ ஒட்டிக் காட்டிய செய்திகளில் நூற்றுக்கு 87 போலத்தான் சரியாக இருந்தன.

உரையாடலுக்குப் பழக்கப்பட்ட மாதிரிகளில் இந்த மிகையுறுதி தெரிந்த ஒன்றுதான். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஜிபிடி-4 அறிக்கையிலேயே, அடிப்படைப் பயிற்சி முடிந்த நிலையில் மாதிரியின் நிகழ்தகவு உண்மையோடு நன்கு பொருந்தியது, பின்பயிற்சிக்குப் பிறகு அந்தப் பொருத்தம் குறைந்தது என்று வரைபடத்தோடு காட்டியிருக்கிறார்கள்.

இதைச் சரிசெய்ய, வெப்பநிலை என்ற ஒரே ஓர் எண்ணால் மடக்கை மதிப்புகளை வகுக்கும் வழியைப் பின்பற்றினோம். கையால் குறித்த செய்திகளில் ஒரு பகுதியை வைத்து, உண்மை விடைகளோடு எந்த எண் நன்றாகப் பொருந்துகிறது என்று தேடியபோது 2ஐ ஒட்டி வந்தது. மறுபகுதியில் அதைச் சோதித்தோம். இரண்டால் வகுப்பது என்றால் நடைமுறையில் ஒவ்வொரு நிகழ்தகவுக்கும் வர்க்கமூலம் எடுத்து, கூட்டுத்தொகை 1 ஆகும்படி மறுபடி வகுப்பதுதான். இரண்டு வகைக்கு இடையில் 0.98, 0.02 என்று இருந்தால் அது 0.875, 0.125 ஆகும். வரிசை மாறாது, முதலில் இருந்தது முதலிலேயே இருக்கும். எண்ணின் மிகை மட்டும் இறங்கும்.

பாம்பன் பக்கத்திலிருந்து வந்த செய்தி

அதுவரை குழுவின் எண்ணம் நேரானதாக இருந்தது: முதல் இடத்தில் வரும் வகையின் நிகழ்தகவு 0.8க்கு மேல் இருந்தால் தானாகப் பதில், குறைந்தால் மனிதர் பார்வை. தென்மேற்குக் காற்று பலமாக இருந்த ஒரு மாலையில் வந்த செய்தி அதை மாற்றியது. எழுத்தாக மாறிய வடிவம் இது:

“மெஷின் நின்னு போச்சுண்ணே. ரெண்டு மணி நேரமா பாம்பனுக்குத் தெக்கால கெடக்கோம். மெக்கானிக் நம்பர் இருந்தா அனுப்புங்க.”

மாதிரி தந்த பங்கீடு: பழுது 0.81, அவசரம் 0.17, மற்ற மூன்றும் சேர்ந்து 0.02. அப்போது திருத்தம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. 0.81 என்பது 0.8ஐத் தாண்டியதால் மெக்கானிக் எண்கள் தானாகவே போயின. நல்லவேளையாக, பணியில் இருந்த அக்கா அந்த நேரத்தில் பதிவுகளைப் படித்துக்கொண்டிருந்தார். “கரையில நிக்கிற வள்ளத்துக்கா மெக்கானிக் கேக்குறாக? காத்துல இழுத்துட்டுப் போகும் தம்பி” என்று உடனே அழைத்தார். நான்கு பேர் இருந்த நாட்டுப்படகு அது. நங்கூரம் போட்டும் பிடிக்காமல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு படகுக்குச் சொல்லி, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எல்லோரும் நலம்.

மறுநாள் அந்தப் பங்கீட்டைத் திருத்தத்தோடு மறுபடி கணக்கிட்டோம். 0.81இன் வர்க்கமூலம் 0.90. 0.17க்கு 0.41. மீதி மூன்றும் தலா 0.08 அளவு. கூட்டி வகுத்தால் பழுது 0.58, அவசரம் 0.26, மற்றவை 0.16. திருத்தம் இருந்திருந்தால் 0.8 வரம்பே இதை மனிதரிடம் அனுப்பியிருக்கும். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது சரியல்ல என்று எனக்குத் தோன்றியது. நான்கில் ஒரு பங்கு வாய்ப்போடு உயிராபத்து என்று மாதிரி சொல்கிறது. நாம் முதல் இடத்தை மட்டும் பார்த்ததால் அதைக் கேட்கவே இல்லை. இந்த நிகழ்வில் நான் முக்கியமாகக் கருதுவது இதைத்தான். முதல் விடையின் உறுதியும் ஆபத்துக்கான வாய்ப்பும் வெவ்வேறு எண்கள். நமக்கு வேண்டியது இரண்டாவது.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

எந்த வகை முந்தினாலும் சரி, ‘அவசரம்’ வகையின் திருத்திய நிகழ்தகவு ஒரு வரம்பைத் தாண்டினால் மனிதர் பார்க்க வேண்டும் என்று விதி மாறியது. வரம்பு எவ்வளவு என்பது கணினி சொல்லக்கூடிய விஷயம் இல்லை. தேவையில்லாமல் ஒரு செய்தியைப் பார்ப்பதன் செலவு 1 என்றும், உண்மையான அவசரத்தைத் தவறவிடுவதன் செலவு 19 என்றும் வைத்தால் வரம்பு 1/(1+19), அதாவது 0.05. செலவு 99 என்றால் 0.01.

குழுவில் மூத்தவரான ஓய்வுபெற்ற மீனவர் ஒருவரிடம் இதை இப்படிக் கேட்டோம்: “அண்ணே, ஓர் உண்மையான ஆபத்தைப் பிடிக்க எத்தனை செய்தியைச் சும்மா பார்க்கச் சொல்லலாம்?” அவர் நூறு என்றார். இரவுப் பணி செய்யும் அக்கா, நூறு என்றால் தூக்கக் கலக்கத்தில் நூற்றோராவதைத் தள்ளிவிடுவோம் என்றார். இரண்டுமே நியாயம்தான். 0.05இல் வைத்து ஓட்டிப் பார்த்தபோது ஏறக்குறைய ஆறு செய்திக்கு ஒன்று மனிதரிடம் வந்தது. அது தாங்கக்கூடிய அளவு என்பதால் அதையே வைத்துக்கொண்டார்கள்.

வெப்பநிலைத் திருத்தத்துக்குப் பிறகு 0.05 என்பது மூல எண்ணில் மிகச் சிறியது. இரண்டு வகை மட்டும் போட்டியிடும் செய்தியில் 0.003க்கும் கீழே. முதல் விடையின் எண்ணை மட்டும் சேமித்து வைத்திருந்தால் இந்த விதியைப் பின்னால் சோதித்திருக்கவே முடியாது. ஐந்து எண்களையும் பதிவில் வைத்தது அதனால்தான்.

பிறகு நடந்தவை

புதிய விதி வந்தபின் மனிதரிடம் சென்ற செய்திகளில் இரண்டு விதம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு விதம் செய்தியே இருபொருள் தருவது. “நாளைக்கு டோக்கன் உண்டா?” என்பது நல்ல எடுத்துக்காட்டு. காற்று எச்சரிக்கை இருந்தால் கடலுக்குப் போகும் டோக்கனைத் தரமாட்டார்கள். அதனால் இது வானிலைக் கேள்வியும்தான், அரசு அலுவலகம் பற்றிய கேள்வியும்தான். மாதிரி 0.49, 0.47 என்று பிரித்தது. கையால் வகை குறித்த இருவரும்கூட அதில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். இங்கே மாதிரியின் அறிவில் குறை இல்லை. எங்கள் வகைப் பட்டியல்தான் அந்தக் கேள்வியை இரண்டாகக் கிழித்தது. இப்போது அந்த இரண்டும் நெருங்கி வந்தால் இரண்டு பதிலும் போகிறது, மனிதர் தேவைப்படுவதில்லை.

மற்ற விதம் பாம்பன் செய்தி போல உண்மையிலேயே பார்க்க வேண்டியவை. விதியின் பயன் அங்கேதான் கிடைத்தது.

விதிக்கு அகப்படாத ஒன்றும் வந்தது. ஓர் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு பெண் அனுப்பியது: “தம்பி, காலையில போன வள்ளம் எல்லாம் சாதாரணமா எத்தனை மணிக்குக் கரை தட்டும்?” மாதிரி ‘மற்றவை’ என்று 0.97 கொடுத்தது. அவசரத்துக்கு 0.001. திருத்தியபின் 0.024, வரம்புக்குப் பாதிகூட இல்லை. வீட்டுக்காரர் திரும்பவில்லை என்று நேராகச் சொல்ல அந்த அம்மாவுக்கு வாய் வரவில்லை. காலையில் பதிவைப் படித்த தன்னார்வலர் பதறி அழைத்தார். படகு நள்ளிரவில் வேறு கரையில் ஒதுங்கி, ஆள் வீடு வந்திருந்தார்.

இதைப் பிடிக்க வரம்பை 0.02க்கு இறக்கலாமா என்று கேட்டார்கள். இறக்கினால் செய்திகளில் பெரும்பகுதி மனிதரிடமே வந்துவிடும் என்று பழைய பதிவுகளில் தெரிந்தது. அதைவிட முக்கியமாக, குறை வரம்பில் இல்லை. டோக்கன் நிகழ்தகவு சொல்வது, தரப்பட்ட எழுத்தை வைத்துப் பார்த்தால் அடுத்து எது வரும் என்பதை மட்டுமே. அந்தச் செய்தியின் எழுத்தில் ஆபத்து இல்லை. ஆபத்து அது வந்த நேரத்தில் இருந்தது. மாதிரிக்கு நேரம் தரப்படவே இல்லை. ஆகவே செய்தி வந்த மணியைச் சேர்த்தோம். ‘அவசரம்’ வகையின் விளக்கத்திலும் “திரும்ப வேண்டிய நேரம் கடந்த படகு பற்றி விசாரிப்பதும் இதில் சேரும்” என்ற வரியைப் போட்டோம். அதே செய்திக்கு அவசரம் 0.6க்கு மேல் வந்தது.

கேள்வியின் சொற்களை மாற்றியதும் பழைய வெப்பநிலை செல்லாது. கையால் குறித்த செய்திகளை மறுபடி ஓட்டி, அந்த எண்ணைப் புதிதாகத் தேடினோம். கொஞ்சம் மாறித்தான் இருந்தது. மாதிரியின் புதிய பதிப்புக்குப் போகும்போதும் இதையே செய்ய வேண்டும்.

இனி மாற்ற வேண்டியவை

குரலை எழுத்தாக்கும் கட்டத்தின் பிழை இந்த எண்ணில் தெரியாது. “தண்ணி ஏறுது” என்பது “தண்ணி ஏறல” என்று எழுதப்பட்டால், வகைப்படுத்தும் மாதிரி அந்தத் தவறான வாக்கியத்தை மிகுந்த உறுதியோடு வகைப்படுத்தும். குரல் மாதிரியும் டோக்கன் டோக்கனாகத்தான் எழுதுகிறது. அதன் நிகழ்தகவையும் பதிவு செய்து, அது தாழ்ந்த இடத்தில் செய்தியை மனிதரிடம் அனுப்பும் வேலை தொடங்கியிருக்கிறது. காற்று இரைச்சலிலும் எஞ்சின் சத்தத்திலும் பேசப்பட்ட செய்திகளுக்கு இதுதான் முதலில் தேவை.

இன்னொன்று, கையால் குறித்த செய்திகளில் உண்மையான அவசரங்கள் மிகச் சில. வெப்பநிலை 2 என்பது பெரும்பாலும் வானிலை, திட்டம் பற்றிய கேள்விகளில் பொருந்திய எண். அவசரத்தின் 0.05 உண்மையில் இருபதில் ஒன்றுதானா என்பதை இவ்வளவு குறைந்த செய்திகளை வைத்து உறுதிசெய்ய முடியாது. அதனால் வரம்புக்குக் கீழே போன செய்திகளிலும் தினமும் சிலவற்றைக் குலுக்கலில் எடுத்து ஒருவர் படிக்கிறார். அங்கே ஓர் அவசரம் அகப்பட்டால் அது உடனே கையால் குறித்த தொகுப்பில் சேரும். அடுத்த தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும்போது அந்தத் தொகுப்பை வைத்து வரம்பை மறுபடி கணக்கிடுவது என்று குழு முடிவு செய்திருக்கிறது.